பெட்டிக்குள் எத்தனை அணு? மூன்று கனசதுரக் கூடுகளை எண்ணும் முறை

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். திட நிலைமைப் பாடம் தொடங்கும் நாளில் வருடா வருடம் ஒரே காட்சிதான். பலகையில் ஒரு கனசதுரம் வரைந்து, எட்டு மூலையிலும் ஆறு முகத்திலும் பொட்டு வைத்துவிட்டு, "செம்பின் அலகுக்கூடு இது. இதில் எத்தனை அணு?" என்று கேட்பேன். பின்வரிசையிலிருந்து பதில் பாய்ந்து வரும். "பதினாலு சார்."

பொட்டுகளை எண்ணினால் பதினாலுதான். ஆனால் நான் கேட்டது அதுவல்ல. படத்தில் எத்தனை பொட்டு தெரிகிறது என்பது ஒரு கேள்வி, அந்தப் பெட்டிக்குச் சொந்தமான அணு எத்தனை என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் நான்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுவிட்டால் பாடத்தின் முதல் பாதி முடிந்த மாதிரி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, வகுப்பில் நான் சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி என்றால் என்ன என்று பார்ப்போம். உலோகக் கட்டிக்குள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதையே இடம் விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் வைத்துக்கொண்டே போனால் முழுக் கட்டியும் கிடைத்துவிட வேண்டும். அந்தத் துண்டுதான் அலகுக்கூடு. கோடுகளை வரைவது நாம். செம்புக்குள் கோடு எதுவும் இல்லை. இதை மறக்காமல் இருந்தால் போதும், பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வராது.

லைன் வீடும் பொதுச்சுவரும்

நான் வளர்ந்தது தோட்டப்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில். வரிசையாக ஐந்து போர்ஷன். பக்கத்துப் போர்ஷனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் யாருடையது என்று கேட்டால் பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது. வீட்டுக்காரர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் எத்தனை செங்கல் செலவானது என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தச் சுவரை இரண்டு பேர் கணக்கிலும் முழுசாக எழுதியிருக்க முடியாது. எழுதினால் வாங்காத செங்கல்லுக்குக் கணக்கு வந்துவிடும்.

இப்போது இதை ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடமாக யோசியுங்கள். எல்லா அறையும் ஒரே அளவு. நான்கு அறைகள் கூடும் இடத்தில் ஒரு தூண். அந்தத் தூண் மேல்தளத்தைத் தொடும் இடத்தில் ஒரு முடிச்சு இருக்குமே, அதை எத்தனை அறைகள் பங்கு போடுகின்றன? கீழ்த்தளத்தில் நான்கு, மேல்தளத்தில் நான்கு, ஆக எட்டு. ஒவ்வொரு அறைக்கும் அந்த முடிச்சில் எட்டில் ஒரு பங்கு. சுவரின் நடுவில் புதைந்திருக்கும் ஒரு பந்து என்றால் இரண்டு அறைக்குத்தான் பொது, ஆளுக்குப் பாதி. அறையின் நடுவில் தொங்கும் விளக்கு முழுக்க அந்த அறைக்கே. யாரும் பங்குக்கு வர முடியாது.

மூலை என்றால் எட்டில் ஒன்று, முகம் என்றால் பாதி, உள்ளே என்றால் முழுசு. இந்த மூன்று பங்குகள் போதும்.

"எட்டில் ஒன்று" என்பதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் நேதாஜி மார்க்கெட்டிலிருந்து உருண்டையான சாத்துக்குடி இரண்டு கிலோ வாங்கி வந்துவிடுவேன். எலுமிச்சை வேண்டாம், இரு பக்கமும் மூக்கு நீண்டிருக்கும். ஒரு பழத்தை மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, அதற்குச் செங்குத்தாக இன்னொரு வெட்டு, பிறகு நடுவில் கிடைமட்டமாக மூன்றாவது வெட்டு. மூன்று வெட்டில் எட்டுத் துண்டு. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று தட்டையான பக்கங்கள் ஒரு கூர்முனையில் சந்திக்கும், மிச்சம் தோல். அந்தக் கூர்முனைதான் பழத்தின் மையம். அட்டைப்பெட்டியின் மூலையில் வைத்தால் மூன்று தட்டைப் பக்கமும் பெட்டியின் மூன்று சுவர்களில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மூலை அணுவில் நம் பெட்டிக்குள் இருக்கும் பங்கு அச்சு அசல் இதுதான்.

எளிய கனசதுரம்

எட்டு மூலைக்கும் எட்டுத் துண்டு. சேர்த்தால் ஒரு பழம். `8 × 1/8 = 1`. பெட்டிக்கு ஒரு அணு, கதை முடிந்தது.

சாதாரண சூழலில் இந்த அடுக்கில் இருக்கும் ஒரே தனிமம் பொலோனியம். அதை யாரும் கையில் எடுத்து விளையாடப் போவதில்லை. ஆனாலும் எண்ணும் முறைக்கு இதுவே அடிப்படை. அடுத்த இரண்டு கூட்டிலும் இந்த "மூலைகளால் ஒன்று" அப்படியே வரும்.

பொருள்மைய கனசதுரம்

பிள்ளைகள் பி.சி.சி. என்று சுருக்கிச் சொல்வது இது. மூலைகள் எட்டும் அப்படியே, அதோடு பெட்டியின் நட்டநடுவில் ஒரு முழு அணு. `8 × 1/8 + 1 = 2`. சாதாரண வெப்பநிலையில் இரும்பு இப்படித்தான் இருக்கிறது. குரோமியம், சோடியம், டங்ஸ்டன் எல்லாம் இதே அடுக்குதான்.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். "நடு அணுவுக்கு மட்டும் என்ன சார் தனி மரியாதை?" மரியாதை எதுவும் இல்லை. நடு அணுக்களை மூலையாக வைத்துப் புதிதாகப் பெட்டி வரைந்தால், இதுவரை மூலையில் இருந்தது நடுவுக்கு வந்துவிடும். எல்லா அணுவுக்கும் ஒரே மாதிரிச் சுற்றம்தான். மூலை, நடு என்பதெல்லாம் நாம் கோடு போட்ட இடத்தைப் பொறுத்தது.

முகப்புமைய கனசதுரம்

இதன் சுருக்கம் எஃப்.சி.சி. செம்பு, வெள்ளி, தங்கம், அலுமினியம், நிக்கல் எல்லாம் இந்தக் கூட்டம். திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செம்புத் தகட்டின் மேல் தங்கரேக்கு பதித்திருக்கிறார்களே, அங்கே உள்ளே இருப்பதும் மேலே மின்னுவதும் இரண்டுமே முகப்புமைய கனசதுரம். செம்பின் பெட்டி விளிம்பு 361.5 பிக்கோமீட்டர், தங்கத்துக்கு 407.8. பெட்டிக்கு நான்கு அணு என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மூலைகளால் ஒன்று. பெட்டிக்கு ஆறு முகம்: மேல், கீழ், முன், பின், இடம், வலம். ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒரு அணு, அதில் பாதி நமக்கு. `8 × 1/8 + 6 × 1/2 = 1 + 3 = 4`.

அட்டைப்பெட்டியில் செய்து பார்க்கிறவர்கள் ஆறு சாத்துக்குடியைப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை எடுத்து, வெட்டுமுகம் அட்டையில் ஒட்டும்படி ஒவ்வொரு முகத்திலும் ஒன்று வையுங்கள். மீதிப் பாதிகள் பெட்டிக்கு வெளியே, பக்கத்துப் பெட்டிகளின் பங்கு. வெளியே கிடக்கும் பாதிகளைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபடுகிறது என்பது என் அனுபவம். உள்ளே இருப்பதை மட்டும் காட்டினால் "பாதி ஏன்?" என்ற சந்தேகம் அப்படியே நிற்கும்.

இந்தக் கூட்டில் அடிக்கடி வரும் தப்பு ஐந்து. போன வருடம் ஒரு பெண் நன்றாகவே எண்ணி வந்தாள், விடை மட்டும் ஐந்து. "எப்படிம்மா ஐந்து?" என்றேன். "மூலை ஒன்று, முகம் மூன்று, நடு ஒன்று சார்" என்றாள். நடுவில் யார் வைத்தது? பி.சி.சி. படத்தை மனதில் வைத்துக்கொண்டே எஃப்.சி.சி.க்கு முகங்களை ஒட்டியிருக்கிறாள். முகப்புமையக் கூட்டின் நட்டநடு காலி. சுத்தமாக அங்கே அணு கிடையாது. பெயரிலேயே பதில் இருக்கிறது: முகப்பில் மையம், உள்ளே அல்ல.

இன்னொரு தப்பு முகங்களை நான்காக எண்ணுவது. படத்தில் மேலும் கீழும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நான்கை மட்டும் எண்ணினால் விடை மூன்று வரும். எண்ணும்போது எதிரெதிர் ஜோடியாக எண்ணுங்கள். மேல்-கீழ் ஒரு ஜோடி, முன்-பின் ஒரு ஜோடி, இடம்-வலம் ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரு அணு. மூன்று ஜோடி, மூன்று அணு.

கோலத்தில் ஒரு சரிபார்ப்பு

பின்னத்தில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இதில் எட்டில் ஒன்றும் வராது, பாதியும் வராது.

வாசலில் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு 10-க்கு 10 புள்ளி வைத்திருக்கிறது என்று வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நான்கைச் சேர்த்து ஒரு சதுரம் வரைந்தால் மூலைக்கு ஒரு புள்ளி. அந்தச் சதுரத்தை அப்படியே கொஞ்சம் வலப்பக்கமும் கொஞ்சம் மேலும் நகர்த்துங்கள், பக்கத்தில் கால்வாசி போதும். இப்போது எந்தப் புள்ளியும் கோட்டில் மாட்டவில்லை. சதுரத்துக்குள் சரியாக ஒரு புள்ளி. எங்கே நகர்த்தினாலும், புள்ளி கோட்டில் படாதவரை, உள்ளே ஒன்றுதான். கட்டத்துக்கு நடுவிலும் புள்ளி வைத்து ஊடுபுள்ளிபோல ஆக்கினால், நகர்த்திய சதுரத்துக்குள் இரண்டு.

பெட்டிக்கும் இதையே செய்யலாம். பெட்டியை மூன்று திசையிலும் விளிம்பில் கால்வாசி நகர்த்துங்கள். இனி அணுவின் மையம் பெட்டிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எளிய கனசதுரத்தில் பழைய எட்டு மூலைகளில் ஏழு வெளியே போய்விடும், வலப்பக்க மேல்மூலை ஒன்று மட்டும் உள்ளே வரும். பொருள்மையத்தில் அதோடு நடு அணுவும் உள்ளேயே நிற்கும், ஆக இரண்டு. முகப்புமையத்தில் அந்த மூலையோடு அதைச் சுற்றியுள்ள மூன்று முகங்களின் நடு அணுக்கள் உள்ளே வரும், எதிர்முகங்களின் மூன்றும் வெளியே போகும். ஆக நான்கு. பின்னம் போட்டுச் சேர்த்த அதே எண்கள்.

கெட்டிக்காரப் பையன் ஒருவன் கோலத்தைப் பார்த்துவிட்டு மடக்கினான். "10-க்கு 10 என்றால் நூறு புள்ளி சார். சதுரம் எண்பத்தொன்றுதான் வருது. சதுரத்துக்கு ஒன்று என்றால் பத்தொன்பது புள்ளி எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. ஓரத்துப் புள்ளிகளைப் பங்கு போட வெளிப்பக்கம் சதுரம் இல்லை, அதனால் அந்த மிச்சம். கோலத்தில் ஓரம் பெரிசு. செம்பில் அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள செம்புத் துணுக்கில், ஒரு விளிம்பில் மட்டும் சுமார் 28 லட்சம் பெட்டி வரிசையாக நிற்கும். ஓரத்தால் வரும் பிசகு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குத்தான் இருக்கும். சில நூறு அணுக்களே உள்ள நானோ துகள் என்றால் கதை வேறு. அங்கே ஓரத்தைத் தள்ளிவிட முடியாது.

தராசில் வைத்துப் பார்ப்போம்

இதுவரை சொன்னது எல்லாம் படத்தில். செம்பில் உண்மையிலேயே நான்குதானா என்று எப்படித் தெரியும்? அடர்த்தி சொல்லிவிடும். பெட்டிக்குள் இருக்கும் அணுக்களின் எடையைப் பெட்டியின் கன அளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. பெட்டி எத்தனை சிறியதானாலும் பெரிய கட்டியின் அடர்த்தியும் அதுவே. கட்டி முழுக்க அதே பெட்டிதானே.

`அடர்த்தி = z × M / (a³ × N_A)`

`z` நாம் எண்ணிய அணுக்கள், `M` மோலார் நிறை, `a` பெட்டியின் விளிம்பு, `N_A` அவகாட்ரோ எண்.

செம்புக்குப் போடுவோம். விளிம்பு 361.5 பிக்கோமீட்டர், அதாவது 3.615 × 10⁻⁸ செ.மீ. அதன் கனம் 4.724 × 10⁻²³ கன செ.மீ. ஒரு செம்பு அணுவின் எடை 63.55-ஐ 6.022 × 10²³-ஆல் வகுத்தால் 1.055 × 10⁻²² கிராம். நான்கு அணு 4.221 × 10⁻²² கிராம். வகுத்தால் கன செ.மீ.க்கு 8.94 கிராம். செம்பின் அளந்த அடர்த்தி 8.96.

பதினாலு என்று போட்டால்? 31.3 கிராம் வரும். தனிமங்களிலேயே அதிக அடர்த்தி உள்ளது ஆஸ்மியம், அதுவே 22.6 கிராம்தான். வீட்டுச் செம்புக் குடம் ஆஸ்மியத்தையே தோற்கடிக்கிறது என்றால், எண்ணியதில் தப்பு என்று கணக்கே கையைப் பிடித்துச் சொல்கிறது.

இந்தக் கணக்கில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். 3.615-ஐக் கனம் ஆக்குவார்கள், 10⁻⁸-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். அது 10⁻²⁴ ஆக வேண்டும். 3.615-இன் கனம் 47.24. ஆகவே 47.24 × 10⁻²⁴, அதைத்தான் 4.724 × 10⁻²³ என்று எழுதுகிறோம். உலோகத்துக்கு வரும் விடை அரைக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில் இல்லாவிட்டால் முதலில் இந்த அடுக்கைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பில் நாங்கள் இதை நிஜமாகவே அளந்தும் பார்த்தோம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியை மேலுறை உரித்து, இறுக்கிச் சுருட்டி, நகைக்கடைத் தராசில் எடை போட்டோம். 178.5 கிராம். 100 மில்லி அளவுசாடியில் 50 வரை தண்ணீர் ஊற்றி, கம்பியை உள்ளே இறக்கினால் மட்டம் 70.5-க்கு ஏறியது. 178.5-ஐ 20.5-ஆல் வகுத்தால் 8.7. "குறையுதே சார்" என்று முகம் சுருங்கியது. சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கம்பிச் சுருளின் இடுக்கெல்லாம் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழி. குமிழியும் இடம் அடைக்கிறது, அதனால் கன அளவு கூடுதலாகக் காட்டி அடர்த்தி குறைகிறது. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, சாடியைத் தட்டினால் பாதிக் குமிழி மேலே வந்துவிடும்.

ஆனால் எனக்கு அந்த 8.7-ஏ போதும். பெட்டிக்கு ஒரு அணு என்றால் 2.2 வரவேண்டும், இரண்டு என்றால் 4.5, மூன்று என்றால் 6.7, நான்கு என்றால் 8.9, ஐந்து என்றால் 11.2. நம் எண் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். நூற்றுக்கு மூன்று பங்கு தப்பாக அளந்தாலும் 8.7 நான்கின் பக்கத்தில்தான் விழுகிறது. ஆக விளிம்பின் நீளத்தை எக்ஸ் கதிர் சொல்லிவிட்டால், மிச்சத்தைத் தராசும் அளவுசாடியும் பார்த்துக்கொள்ளும். செம்பின் இந்த அடுக்கை லாரன்ஸ் பிராக் 1914-இல் எக்ஸ் கதிரால் கண்டார்.

நான்கு என்றால் இரண்டைவிடக் கனமா?

அடுத்து வரும் தவறான முடிவு இது. எஃப்.சி.சி.யில் நான்கு, பி.சி.சி.யில் இரண்டு, ஆகவே முந்தையது இரண்டு மடங்கு நெருக்கம் என்று எழுதிவிடுவார்கள். பெட்டியின் அளவை மறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இரும்பையே எடுத்துக்கொள்வோம். சாதாரண வெப்பநிலையில் விளிம்பு 286.65 பிக்கோமீட்டர், பெட்டிக்கு இரண்டு அணு. கணக்குப் போட்டால் அடர்த்தி 7.87, அளந்ததும் அதுவே. இதே இரும்பு 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முகப்புமைய அடுக்குக்கு மாறிவிடும். பெட்டிக்கு நான்கு. கொல்லர் உலையில் இரும்பு சிவந்து ஆரஞ்சு நிறத்துக்குப் போகும் வேளையில் உள்ளே நடப்பது இதுதான். ஆனால் சம்மட்டிக்கு அடியில் இருக்கும் துண்டு பாதியாகச் சுருங்குவதில்லை. ஏன்? அந்த வெப்பநிலையில் பழைய பெட்டியின் விளிம்பு சுமார் 290 பிக்கோமீட்டர், புதிய பெட்டியின் விளிம்பு சுமார் 365. கன அளவும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. நான்கு பேர் வந்தார்கள், வீடும் பெரிசானது. ஒரு அணுவுக்குக் கிடைக்கும் இடம் நூற்றில் ஒன்று என்ற அளவுக்குத்தான் சுருங்குகிறது.

தங்கத்தையும் செம்பையும் ஒப்பிட்டாலும் இதே பாடம்தான். இரண்டிலும் நான்கு, தங்கத்தின் பெட்டியோ பெரிசு. ஆனாலும் தங்கத்தின் அடர்த்தி 19.3. அங்கே கனம் வருவது எண்ணிக்கையால் அல்ல, ஒவ்வொரு அணுவும் செம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் எடை என்பதால்.

இரண்டு வகை அணு வந்தால்

தங்கமும் செம்பும் சேர்ந்த ஒரு கலவை இருக்கிறது. சரியான விகிதத்தில் கலந்து, சுமார் 390 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்துப் பொறுமையாக ஆறவிட்டால் அணுக்கள் தங்கள் இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்துவிடும்: தங்கம் மூலைகளில், செம்பு முகங்களில். தங்கம் `8 × 1/8 = 1`, செம்பு `6 × 1/2 = 3`. ஆகவே வாய்பாடு `Cu3Au`. வேறு எதுவும் தெரியாமலே, எண்ணியே வாய்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம்.

இதைக் கொஞ்சம் முறுக்கித் தேர்வில் கேட்பார்கள். A மூலைகளில், B முகங்களில், ஒரு மூலையில் மட்டும் A இல்லை, வாய்பாடு என்ன? மூலை ஏழுதான், A = 7/8. B = 3. எட்டால் பெருக்கினால் `A7B24`. மதிப்பெண் வாங்க இது போதும்.

ஆனால் வாங்கிய பிறகு யோசியுங்கள். ஒரு மூலையை எட்டுப் பெட்டிகள் பங்கு போடுகின்றன என்று நாமே சொன்னோம். நம் பெட்டியில் அந்த மூலை காலி என்றால் பக்கத்து ஏழு பெட்டிக்கும் ஒரு மூலை காலி. அதோடு, எல்லாப் பெட்டியும் அச்சு அசலாக ஒன்று என்றால், ஒரு மூலை காலியானதும் எட்டும் காலியாகிவிடும். அப்படியானால் A-யே மிஞ்சாது. ஆகவே அந்தக் கேள்வி "கட்டி முழுக்கச் சராசரியாக எட்டில் ஒரு A இடம் காலி" என்று சொல்வதாக எடுத்துக்கொண்டால்தான் பொருள் வரும். கேள்வி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. யோசிக்கிற பிள்ளைகள்தான் குழம்பிப் போகிறார்கள்.

கடைசியாக, விளிம்பு

மூன்று பங்குகள் போதும் என்று தொடக்கத்தில் சொன்னேன். இதுவரை பார்த்த மூன்று கூடுகளுக்குப் போதும். அடுப்படி உப்புக்கு நான்காவது ஒன்று வேண்டும். உப்பில் குளோரைடு அயனிகள் முகப்புமைய அடுக்கில், அதாவது நான்கு. சோடியம் ஒன்று நட்டநடுவில், மற்றவை பன்னிரண்டு விளிம்புகளின் நடுவில். அடுக்குமாடிக் கட்டடத் தூணின் இடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பங்கு போடுவது நான்கு அறைகள் மட்டுமே, மேல்தளம் வராது. ஆகவே விளிம்புக்குக் கால். `1 + 12 × 1/4 = 4`. நான்கு சோடியம், நான்கு குளோரைடு, சோடியம் குளோரைடு.

விளிம்பு 564 பிக்கோமீட்டர், மோலார் நிறை 58.44. போட்டுப் பாருங்கள், 2.16 வரவேண்டும். அளந்தும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கல்லுப்பைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், கரைந்துபோகும். எங்கள் வகுப்பில் ஒருவன் அதையும் செய்து பார்த்தான். அளவுசாடியில் கடலை எண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள்.